எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான்

பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பதறாத வீடு எங்களுடையது. அந்தப் பெருமையைச் சம்பாதித்துக் கொடுத்தவன் என் மகன். நாலு வயதிலிருந்து ஆறு வயதுவரை அவனுக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறை சில்லுமூக்கு உடையும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் ரத்தம் நின்றிருந்தது. ஐந்தாவது தடவை டவலை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்தேன். பத்தாவது தடவை அவனே டவலை எடுத்துக்கொண்டான். பிறகு ஒருநாள் நின்றுபோனது. அதனால் மகளுக்கு ஐந்து வயதில் அதே மாதிரி ஆரம்பித்தபோது வீட்டில் ஒருவருக்கும் கவலையில்லை. "அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துச்சு, தானாப் போயிடுச்சு" என்று அவளிடமே சொன்னேன்.

இரண்டு பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே மூக்கு, ஒரே சிவப்பு. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய் என்று எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடம் இன்னமும் உறுத்துகிறது. ஏனென்றால் நான் யாரிடம் கேட்டாலும் கிடைத்த பதில், "குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வருவது சகஜம்". அது பொய்யும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது முழு உண்மை. எந்தக் குழந்தைக்கு அது உண்மை இல்லை என்பதை எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

மகனுடைய கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறதே, அதன் முன்பகுதியில், விரல் நுனி எட்டும் தூரத்தில், பல ரத்தக்குழாய்கள் வந்து கூடும் ஒரு சிறு இடம் உண்டு. மேலே போர்த்தியிருக்கும் தோல் மிக மெல்லியது. பிள்ளைகளுக்கு வரும் மூக்கு ரத்தம் அநேகமாக எல்லாமே இங்கிருந்துதான். காற்று வறண்டால் அங்கே பொருக்குத் தட்டும், சளி பிடித்தால் தட்டும், அலர்ஜியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தட்டும். பொருக்கு அரிக்கும், விரல் போகும், பொருக்கு பெயரும், ரத்தம் வரும், மறுபடி பொருக்கு. மகனுக்கு எப்போதும் வலப்பக்க மூக்கில்தான் வரும். அவன் வலக்கைக்காரன். இதைக் கவனித்துச் சொன்னது நானில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கின் வாயிலில் கிருமி தொற்றிய பொருக்கு இருக்கிறது என்று ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். நாளுக்கு இரண்டு வேளை, நாலு வாரம். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். அதன்பின் ராத்திரி படுக்கும்முன் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. அவ்வளவுதான் வைத்தியம்.

கடிகாரம்

மகளுக்கும் அதையே செய்தோம். நகம் வெட்டினோம், ஜெல்லி தடவினோம், களிம்பும் போட்டோம். குறைந்த மாதிரி இருக்கும், திரும்ப வரும். அவளுக்கு இன்ன பக்கம் என்று இல்லை. ஒருநாள் இடது, ஒருநாள் வலது, சில நாள் இரண்டும். தூக்கத்தில் வரும், உட்கார்ந்து படம் வரையும்போது வரும். காலையில் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த வட்டம் இருக்கும்.

குழந்தை மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் வருது?" ரொம்ப நேரம் என்றேன். "ரொம்ப நேரம்னா?" அரை மணி நேரம் இருக்கும் என்றேன். "எப்படி நிறுத்துறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். நான் மகளின் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கின் மேல்பாதியில், எலும்பு இருக்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து மூன்று வருடம் நான் எலும்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மகனுக்கு ரத்தம் நின்றது என் சாமர்த்தியத்தால் இல்லை, அது தானாகவே நின்றுகொண்டிருந்தது.

அவர் காட்டிய முறை இது. பிள்ளையை நேராக உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியவிட வேண்டும். மூக்கின் கீழ்ப்பாதி, தொட்டால் மெத்தென்று இருக்குமே, அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிள்ளை வாயால் மூச்சு விடட்டும். வாய்க்குள் வரும் ரத்தத்தைத் துப்பட்டும். விழுங்கினால் வயிற்றைப் புரட்டிக் கறுப்பாக வாந்தி வரும், அதைப் பார்த்து வீடே அலறும். தலையைப் பின்னால் சாய்ப்பதால் நடப்பது அதுதான். ரத்தம் நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தொண்டைக்குள் போகிறது.

முக்கியமான விஷயம் அடுத்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கையை எடுக்கவே கூடாது. நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்கக் கூடாது. நான் நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறை விரலை எடுக்கும்போதும் அப்போதுதான் கட்டத் தொடங்கிய மெல்லிய அடைப்பு பிய்ந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பமாகும். பத்து நிமிடத்துக்குப் பின்னும் வந்தால் இன்னொரு பத்து நிமிடம். அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை என்றால், அல்லது பிள்ளை வெளிறி, துவண்டு, தலைசுற்றுகிறது என்றால் மூக்கைப் பிடித்தபடியே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பஞ்சோ டிஷ்யூவோ உள்ளே திணிக்க வேண்டாம் என்றார். வெளியே இழுக்கும்போது பொருக்கும் கூடவே வந்துவிடும்.

"நீங்க சொல்ற அரை மணி நேரத்தை என்னால எடுத்துக்க முடியாது," என்றார். "அழுத்திப் பிடிச்சும் எவ்வளவு நேரம் வருதுன்னு எனக்குத் தெரியணும். ஒரு நோட்டுப் போடுங்க." தேதி, எந்தப் பக்கம், அழுத்தத் தொடங்கியதிலிருந்து எத்தனை நிமிடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள். நாலே நாலு கட்டம். வேறெதுவும் எழுத வேண்டாம் என்றார். எவ்வளவு ரத்தம் என்று எழுதக்கூட வேண்டாமாம். இரண்டு ஸ்பூன் ரத்தம் வெள்ளை டவலில் பட்டால் ஆளைக் கொன்ற மாதிரி தெரியும், அளவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி.

ஏழு வாரத்தில் ஒன்பது முறை வந்தது. அதில் மூன்று, சரியாக அழுத்தியதால் ஆறேழு நிமிடத்தில் நின்றன. ஐந்து, பத்து நிமிடத்தைத் தாண்டின. ஒன்று, ஞாயிறு இரவு, முப்பத்தைந்து நிமிடம். நானும் கணவரும் விரல் மாற்றி விரல் பிடித்தோம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

இந்த நோட்டைப் பார்த்து எல்லாக் குழந்தைக்கும் நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சரியாக அழுத்தத் தெரிந்துகொண்ட பிறகு நோட்டு முழுக்க ஐந்து நிமிடம், நாலு நிமிடம் என்று வரும் குழந்தைகள்தான் அதிகம். மகனுக்கு அப்போதே நோட்டுப் போட்டிருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

"உங்களுக்கு?"

நோட்டைப் படித்துவிட்டு மருத்துவர் மகளின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். கால்களைப் பார்க்கவேயில்லை. ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் கணைக்காலின் முன்பக்கத்திலும் ரத்தம் கன்றிய நீலத் தடம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம் என்றார். அவர் தேடியது முதுகு, வயிறு, மேல்கை, தொடையின் உள்பக்கம், அதாவது சும்மா விழுந்தால் அடிபடாத இடங்கள். மேல்கையிலும் இடுப்பிலுமாக ஏழு இருந்தன. எப்போது பட்டதென்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஈறைப் பார்த்தார். பால் பல் விழுந்ததா என்று கேட்டார். முதல் பல் விழுந்த அன்று மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை கசிந்துகொண்டே இருந்தது. அதை நான் மூக்கோடு சேர்த்து யோசித்ததே இல்லை. மூக்கு ஒரு மருத்துவர், பல் ஒரு மருத்துவர் என்று மனதுக்குள் தனித்தனி அலமாரி.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

எனக்கு மூக்கில் ரத்தம் வந்ததில்லை என்றேன்.

"அதைக் கேக்கல. உங்களுக்குத் தூரம் எத்தனை நாள்?"

எட்டு நாள் என்றேன், கணவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று சற்றுக் கூச்சத்தோடு. முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், ராத்திரியில் எழுந்து மாற்ற வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு? மகன் பிறந்தபோது ரத்தம் ஏற்றினார்கள். பல் பிடுங்கியிருக்கிறீர்களா? ஞானப்பல். மறுநாள் திரும்பப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "இதையெல்லாம் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பதினாலு வயதில். அம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "நம்ம வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான்." பெரியம்மாவுக்கும் அப்படித்தான், பாட்டிக்கும் அப்படித்தான். அதை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன். குடும்பத்தில் எல்லாருக்கும் இருப்பது என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் என நினைத்திருந்தேன். மருத்துவர் அதே வாக்கியத்தை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். அவருக்கு அதுதான் துப்பு.

அப்புறம் ஒரு கேள்விப் பட்டியலை எடுத்து நிரப்பினார். ரத்தக்கசிவுக்கு மதிப்பெண் போடும் பட்டியல். மூக்கு, தோல், வாய், பல், அறுவை, மாதவிடாய், பிரசவம் என்று பதினாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மூக்கு ரத்தம் வருடத்தில் ஐந்து முறைக்கு மேல் வந்தாலோ, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ 1. அதற்காக மருத்துவரைப் பார்த்திருந்தால் 2. மூக்கை அடைக்கவோ சுடவோ வேண்டியிருந்தால் 3. ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போனால் 4. எல்லாவற்றையும் கூட்டி, குழந்தைக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு தேட வேண்டும். மகளுக்கு மூக்குக்கு 2, தோலுக்கு 1, வாய்க்கு 1. மொத்தம் 4. பெரிய பெண்களுக்கு எல்லை 6. என்னுடையது அதைத் தாண்டிப் போனது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம், மூக்கு அதில் ஒரு வரி மட்டும்தான். மூக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. மீதிப் பதின்மூன்று வரியில் ஏதாவது இருக்கிறதா, பெற்றோரின் பட்டியலில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் சகஜமான மூக்கையும் மற்றதையும் பிரிக்கிறது.

எல்லாம் நார்மல்

முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. தட்டணுக்கள் 3,10,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் போதும் என்றார்கள். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் இரண்டு சோதனைகளும் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 10.1, அந்த வயதுக்குக் குறைவு. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. சாக்பீஸைக் கடித்துத் தின்கிறாள் என்று பள்ளியிலிருந்து புகார் வந்து திட்டியிருந்தேன். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஆசை வருமாம். திட்டு வாங்கியது வீண்.

உறைதல் சோதனை நார்மல் என்றால் உறைதல் நோய் இல்லை என்றுதானே அர்த்தம்? நானும் அப்படித்தான் கேட்டேன். இல்லை என்று மருத்துவர் விளக்கினார். ரத்தம் நிற்பதில் இரண்டு கட்டம் உண்டு. குழாய் கிழிந்ததும் தட்டணுக்கள் ஓடிவந்து கிழிசலில் ஒட்டி ஒரு அடைப்பு போடும். பிறகுதான் உறைபொருள்கள் வலை பின்னி அதை இறுக்கும். வழக்கமான உறைதல் சோதனை இரண்டாவது கட்டத்தைத்தான் அளக்கிறது. முதல் கட்டத்தில் தட்டணுவைச் சுவரோடு ஒட்டவைக்கும் பசை ஒன்று இருக்கிறது. அந்தப் பசை குறைந்தாலும் சோதனைக் குழாய்க்குள் ரத்தம் ஒழுங்காகத்தான் உறையும். மூக்கு, ஈறு, கருப்பை போன்ற ஈரமான மெல்லிய தோல் உள்ள இடங்களில்தான் நிற்காமல் கசியும். ஹீமோஃபீலியாவில் இரண்டாவது கட்டம் பழுது. அதில் மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் ரத்தம் கட்டும். எங்கே கசிகிறது என்பதே எது பழுது என்று ஓரளவு சொல்லிவிடும்.

அந்தப் பசைக்கு வான் வில்லிபிராண்ட் காரணி என்று பெயர். எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர் 1926-ல் இதைப் பற்றி எழுதினார். ஓலந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் கொண்டுவந்தார்கள். அவளுடைய உடன்பிறந்தவர்களில் சிலர் சிறு வயதிலேயே ரத்தம் வடிந்து இறந்திருந்தார்கள். தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தது, ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை. அதுவரை ரத்தக்கசிவு நோய் என்றால் ஆண்பிள்ளைகளுக்கு வரும் ஹீமோஃபீலியா என்றுதான் பொதுவாக நினைத்திருந்தார்கள். இந்தக் குடும்பத்தில் பெண்களுக்கும் இருந்ததை அவர் கவனித்தார். அந்தச் சிறுமி பெரியவளானபின் வந்த நாலாவது மாதவிடாயில் ரத்தப்போக்கு நிற்காமல் இறந்துபோனாள். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இன்று யாருக்கும் அப்படி நடக்க வேண்டியதில்லை என்று தெரியும், தெரிந்தும்தான்.

பசையை அளக்கத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று ஒன்று, எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒன்று, கூடவே எட்டாவது உறைபொருள். முதல் முறை மகளுக்கு 58 வந்தது. 50-க்கு மேல் என்றால் நார்மல் என்று ஆய்வகத் தாளிலேயே அச்சடித்திருந்தது. ஃபைலை மூடிவிட்டேன்.

மூடவிடாதவர் ரத்தநோய் மருத்துவர். அவர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டது, "ரத்தம் எடுத்த அன்னைக்கு இவ எப்படி இருந்தா?" காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மூக்கடைப்பு. ஊசியைப் பார்த்ததும் ஒரே ரகளை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, அலறல் வெளி வராண்டா வரைக்கும் கேட்டது. "அப்ப இந்த 58-ஐ நான் நம்ப மாட்டேன்," என்றார். இந்தக் காரணி உடம்புக்கு நெருக்கடி வந்தால் ஏறும். காய்ச்சல், அழுகை, ஓட்டம், கர்ப்பம், எல்லாவற்றிலும் ஏறும். குறைவாக இருப்பவர்களுக்கும் அன்றைக்கு மட்டும் நார்மலுக்குள் வந்து நின்றுவிடும். ஓ ரத்த வகைக்காரர்களுக்கு இயல்பிலேயே மற்றவர்களைவிடக் கால்பங்கு குறைவாக இருக்கும். மகள் ஓ பாசிட்டிவ். ஆனால் ஓ வகை என்பதற்காகக் கசிவை ஒதுக்கிவிட முடியாது என்றார். கசிகிறதா, எண் குறைவா, இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பாராம்.

இரண்டு மாதம் காத்திருந்தோம். சளி காய்ச்சல் எதுவும் இல்லாத ஒரு காலை. இந்த முறை மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே கையில் தடவி, கணவர் மடியில் வைத்துக் கதை சொல்ல, ஊசி போனதே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. அளவு 34. வேலை செய்யும் திறன் 31. எட்டாவது உறைபொருள் 52. அன்றே எனக்கும் எடுத்தார்கள். எனக்கு 38.

30-க்குக் கீழே இருந்தால் கேள்வியே இல்லாமல் வான் வில்லிபிராண்ட் நோய் என்று சொல்லிவிடுவார்கள். 30-க்கும் 50-க்கும் நடுவே என்றால் கசிந்த கதையும் இருக்க வேண்டும். எங்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை. அளவும் திறனும் ஏறக்குறைய ஒன்றாகவே குறைந்திருப்பதால் இது முதல் வகை, பசையின் தரம் சரி, அளவுதான் குறைவு. இருப்பதில் சாதுவான வகை, அதிகம் பேருக்கு இருப்பதும் இதுதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனையும் சோதித்தோம். அவனுக்கு 92. அவன் மூக்கு உண்மையிலேயே வெறும் மூக்குதான்.

காத்திருக்கக் கூடாதவை

எங்கள் கதையில் எல்லாம் மெதுவாக நடந்தது, நடக்க நேரமும் இருந்தது. எல்லாருக்கும் அப்படி இருக்காது. மூக்கு ரத்தத்தோடு உடம்பில் திடீரென்று ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் தோன்றி, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாமல் இருந்தால் அன்றே போக வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சில வாரத்தில் தட்டணுக்கள் சட்டென்று குறைந்துபோகும் ஒரு நோய் உண்டு, பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பார்த்தாக வேண்டும். அதே புள்ளிகளோடு வெளிறல், விடாத காய்ச்சல், கால் எலும்பு வலி, கழுத்தில் கட்டி, உடம்பு இளைப்பது என்று சேர்ந்தால் ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தியாக வேண்டும். அதற்கு முதல் படி சாதாரண ரத்த எண்ணிக்கை சோதனைதான். இரண்டு வயதுக்குள் மூக்கில் ரத்தம் வருவதே அரிது. வந்தால் சகஜம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரத்தத்துக்குச் சம்பந்தமில்லாமல் மூக்கிலேயே கோளாறு இருப்பதும் உண்டு. ஒரே பக்கம் நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால் பாசிமணியோ பொத்தானோ உள்ளே இருக்கலாம். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே நடுச்சுவரை அரித்துவிடும், ராத்திரி என்று பார்க்காமல் ஓட வேண்டும். பதின்வயதுப் பையனுக்கு ஒரே பக்கம் மூக்கடைத்து, அதே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் கொட்டினால், ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு கட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உதட்டிலும் நாக்கிலும் சிறு சிவப்புத் திட்டுகள் உள்ள பெரியவர்கள் குடும்பத்தில் இருந்து, அவர்களுக்கும் மூக்கில் ரத்தம் ஒழுகியது என்றால் அது இன்னொரு பரம்பரைக் கோளாறு. நெருங்கிய உறவில் மணம் செய்த பெற்றோரின் பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே கடுமையாகக் கசிந்து, தட்டணு எண்ணிக்கையும் சரியாக இருந்தால், தட்டணு வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கேட்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருப்பதும் அவை வேலை செய்வதும் ஒன்றில்லை.

இப்போது

மகளுக்கு இப்போது எட்டு வயது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்பதே நல்ல செய்தி. நகம் வெட்டுகிறோம், ஜெல்லி தடவுகிறோம், பத்து நிமிடம் அழுத்துகிறோம். அதைத் தாண்டினால் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுக்கிறோம், அவள் எடைக்கு மருத்துவர் எழுதித் தந்த அளவில், சில நாட்களுக்கு. அது பசையைக் கூட்டாது. கட்டிய அடைப்பைக் கரையவிடாமல் காக்கும். இரும்புச் சத்து மருந்து மூன்று மாதம் கொடுத்தோம், சாக்பீஸ் தானாக நின்றது. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் வீட்டில் கிடையாது, இரண்டுமே தட்டணுவை மந்தமாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

போன வருடம் ஒரு பல் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்கு முன் டெஸ்மோபிரெசின் கொடுத்துச் சோதித்தார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் சேமித்து வைத்திருக்கும் பசையை வெளியே தள்ளிவிடும் மருந்து அது. ஒரு மணி நேரத்திலும் நாலு மணி நேரத்திலும் ரத்தம் எடுத்தார்கள். 34 இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அன்று முழுக்க அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் உப்பு இறங்கிவிடும். ஊசியைவிட அதற்குத்தான் அதிகம் அழுதாள். பல் பிடுங்கிய அன்று சாயங்காலமே வாய் காய்ந்துவிட்டது. எனக்கு ஞானப்பல் பிடுங்கியது நினைவுக்கு வந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், இதெல்லாம் தெரிவதற்கு முன், மகளின் மூக்கில் வெள்ளி நைட்ரேட் வைத்துச் சுடலாம் என்று சொல்லியிருந்தார். தப்பான வைத்தியம் இல்லை, பல பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் பசை குறைந்த பிள்ளைக்குச் சுட்ட இடத்துப் பொருக்கு உதிரும்போது திரும்பக் கசியலாம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுட்டால் நடுச்சுவரில் ஓட்டை விழும் ஆபத்தும் உண்டு. டான்சில் எடுப்பதைப் பற்றியும் ஒருமுறை பேச்சு வந்தது. அன்றைக்குச் சரி என்று தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அதிகம் யோசிப்பதில்லை. இப்போது அவள் பள்ளிப் பையில் நோயின் பெயரும் வகையும் மருத்துவரின் எண்ணும் எழுதிய அட்டை இருக்கிறது. இன்னும் மூன்று நாலு வருடத்தில் பெரியவளாவாள், முதல் மாதத்திலிருந்தே என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கும் மாதவிடாயின் முதல் மூன்று நாளுக்கு அதே டிரானெக்ஸாமிக் மாத்திரைதான். நாற்பது வயதில், ராத்திரி எழுந்திருக்காமல் தூங்குகிறேன்.

அம்மாவையும் சோதனைக்கு அழைத்துப் போனேன். "இந்த வயசுல எனக்கு எதுக்கு" என்று மூன்று மாதம் தட்டிக் கழித்துவிட்டு வந்தாள். 71 வந்தது. நார்மல். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள், ஏதோ பரீட்சையில் ஜெயித்த மாதிரி. வயது ஏற ஏற இந்தக் காரணியும் ஏறும், அதனால் அறுபத்தெட்டு வயதின் எண்ணை வைத்து இருபது வயதில் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவர், "உங்களுக்கு இந்தப் பொண்ணு பொறந்தப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். நான் அதுவரை கேட்டிராத கதை அது. அவர் பேனாவை எடுத்து மகளின் ஃபைலில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.